ஈறில் இரத்தம், அலமாரியில் புட்டிகள்

கேள்வி: மூன்று மாதமாகப் பல் துலக்கினால் எச்சிலில் இரத்தம் வருகிறது. வாய் நாறுகிறது, காரம் பட்டால் எரிகிறது. மூலிகைப் பல்பொடி, கூச்சத்துக்கான பேஸ்ட், கொப்பளிக்கும் மருந்து என்று அறுநூறு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இரத்தம் வரும் பக்கம் இப்போது துலக்குவதே இல்லை. அடுத்து எதை வாங்கலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: எதையும் வாங்காதீர்கள் அம்மா. பணம் போனதைவிடத் துலக்காமல் விட்டதுதான் பெரிய நஷ்டம். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வழவழவென்று ஒரு படலம் படிகிறது. அதில் வாழும் கிருமிகளால்தான் ஈறு வீங்கிக் கசிகிறது. நாற்றமும் பெரும்பாலும் அங்கிருந்தும் நாக்கின் பின்பகுதியிலிருந்தும்தான் வருகிறது. இரத்தத்துக்குப் பயந்து அந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் படலம் தடித்துக் கசிவு கூடும்.

மிருதுவான பிரஷ் ஒன்று போதும். கைப்பிடியை முஷ்டியால் இறுக்காமல், பேனாவைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். நார்களை ஈறோரமாகச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாகக் காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்தால் எரிச்சல் தணியும். ஆனால் உப்புநீர் படலத்தை எடுக்காது. அதை எடுப்பது பிரஷ் மட்டுமே.

பல்பொடியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மணல்போல் நெருடினால் எறிந்துவிடுங்கள். கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் இருந்தால் புண்பட்ட வாய் இன்னும் எரியும். குளோரெக்சிடின் என்று எழுதியிருந்தால், மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசியும் மாறும்.

படலம் மட்டுமே காரணம் என்றால், இப்படித் துலக்கினாலே பத்து நாளில் கசிவு குறையத் தொடங்கும். உங்களுக்கோ மூன்று மாதம் ஆகிவிட்டது. காத்திருக்காமல் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையையும் பரிசோதியுங்கள், அது கூடியிருந்தால் ஈறு எளிதில் ஆறாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பல் மருத்துவர் பல்லில் படிந்த காரையை எடுக்கச் சொல்கிறார். எடுத்தால் பல் ஆடும், சந்து விழும் என்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலையா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இல்லை. இந்தப் பேச்சு எத்தனை பேருடைய பற்களைக் கொண்டுபோயிருக்கிறது! எடுக்காத படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. அதன்பின் எந்த பேஸ்ட்டும் பொடியும் அதை அசைக்காது. அந்தக் கல் ஈறைக் கீழே தள்ளி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் மெல்ல அரிக்க வைக்கிறது. சந்து முன்பே விழுந்துவிட்டது. அதைக் கல் அடைத்திருந்தது. கல் போனதும் நாக்குக்குத் தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கும்.

இதைக் கோபத்தோடு எழுதக் காரணம் உண்டு. கறை போகும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, வாலாஜாவில் ஒரு சொரசொரப்பான சிவப்புப் பொடியும் கடினமான பிரஷும் வாங்கினேன். இரண்டு வருடம் அழுத்தித் தேய்த்தேன். கறை அடியில் கல்லாகவே இருந்தது. இறங்கியது ஈறுதான். இன்றும் கோரைப்பல்லின் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. இறங்கிய ஈறு தானாக மேலே வராது.

மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கட்டணம் அதிகம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் கடினமான பிரஷ் பன்னிரண்டு வாங்கிவிட்டேன். வீணாக்காமல் பயன்படுத்தலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: கூடாது. பிரித்திருக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாதே!

கேள்வி: பேருந்து நிலையத்தருகே ஒருவர் பல்லை வெள்ளையாக்கும் திரவம் தடவினார். 150 ரூபாய். ஈறு வெந்து வெள்ளையாக உரிகிறது. ரசீது இல்லை.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் மேல் தவறில்லை ஐயா. கண்முன்னே கறையைக் கரைத்துக் காட்டினால் யாரும் நம்பிவிடுவார்கள். அது பெரும்பாலும் அமிலம். கறையோடு பல்லின் மேல்பூச்சையும் கரைக்கும். உரியும் இடத்தில் உப்பு, மஞ்சள், கிராம்புத் தைலம் எதுவும் வேண்டாம். வெறும் நீரால் கொப்பளியுங்கள், நாளைக்கே பல் மருத்துவரிடம் போங்கள். புட்டி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கைபேசி வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள், அது சான்றாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: புகையிலை அடக்கும் இடத்தில் ஒரு மாதமாகப் புண். வலி இல்லை. என்ன களிம்பு வாங்கலாம்?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: களிம்பு வேண்டாம். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை, வலி இல்லாவிட்டாலும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே போங்கள், புகையிலையை இன்றே துப்பிவிடுங்கள்.