படத்தில் வழிகிற சாக்லேட்

கேள்வி: உறையில் பிஸ்கட்டை உடைத்து, உள்ளே சாக்லேட் வழிவதுபோல் படம். வாங்கி உடைத்தால் பாதி வெற்றிடம். புகார் செய்யலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வெற்றிடம் மட்டும் சாட்சியாகாது. படம் எடுப்பவர்கள் உடைத்த முகத்தில் நிரப்பலைத் தனியாகப் பிதுக்கி வைப்பது வழக்கம். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது உறையின் பின்பக்கம். ஒரு உட்பொருளைப் படத்தாலோ சொல்லாலோ முன்னிறுத்தினால், அது எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது நம் உணவு லேபிள் விதி. முன்னால் உள்ளங்கை அகலத்தில் சாக்லேட் அருவி, பின்னால் எறும்பு வரிசைபோல் அந்த எண்! இருபது ஆண்டுகளாக எனக்கு இதுதான் எரிச்சல். அதே வரிசையில் நிரப்பலின் உட்பொருள்களையும் படியுங்கள். எடை அதிகமானது முதலில் வரும். பல உறைகளில் சர்க்கரையும் பாமாயிலும் முந்திக்கொள்ளும், கோக்கோ பின்னால் நிற்கும்.

சதவீதம் எடைக்கானது, இடத்துக்கானது அல்ல. 75 கிராம் பொட்டலத்தில் ஆறு பிஸ்கட், நிரப்பல் 40% என்றால் மொத்தம் 30 கிராம் இருக்க வேண்டும், ஒன்றுக்கு 5 கிராம். வீட்டுத் தராசில் ஒன்றை மட்டும் நிறுத்தால் பிழை பெரிதாகத் தெரியும். ஆறையும் சுரண்டி ஒன்றாக நிறுங்கள். 27, 28 வந்தால் ஒட்டிப்போனது போக சரி. 18 என்றால் உறை, ரசீது, திறக்காத இன்னொரு பொட்டலம் மூன்றையும் வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: நாலு அடுக்குப் படத்தைக் காட்டி கேக் ஆர்டர் வாங்கினார்கள். வந்ததில் இரண்டே அடுக்கு. முழுப் பணமும் முன்பே கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கவில்லை.

பதில்: ரசீதும் வாங்காமல், அடுக்கு எத்தனை என்று எழுதியும் வாங்காமல் முழுப் பணத்தை நீட்டினால் என்ன செய்வது? அவர்கள் அனுப்பிய படமும் பணம் போன குறுஞ்செய்தியும் இருந்தால் அவற்றோடு போய்க் கேளுங்கள். எனக்கும் நேர்ந்தது. மணநாளுக்கு வாங்கிய கேக்கை வெட்டினேன். கத்தி ஒரு அங்குலம் கிரீமுக்குள்ளேயே போயிற்று. நடுவில் ஜாம், பூசிய அடையாளம் மட்டும். இப்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் அதே வகையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கிறேன். அட்டைத் தட்டைத் தனியாக நிறுக்கச் சொல்லவும் மறப்பதில்லை.

கேள்வி: 'படம் விளக்கத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தால்?

பதில்: போட்டுக்கொள்ளட்டும். சதவீதம் எங்கே என்று கேளுங்கள்.