மெத்தட்ஸ் பகுதியைச் சுருக்குவது எப்படி: கேள்வி பதில்

மேடம், மல்லிகை இலைச் சாறு பற்றிய கட்டுரை. மெத்தட்ஸ் மட்டும் 1,600 சொல் வந்துவிட்டது, ஜர்னல் தருவது 600. எதை வெட்டினாலும் வேறொருவர் இதைத் திரும்பச் செய்ய முடியாமல் போகுமோ என்று பயமாக இருக்கிறது. (ஆய்வு மாணவி, திருமங்கலம்)

நீங்கள் அனுப்பிய பத்தியையே எடுத்துக்கொள்வோம்: "மதுரை மல்லி இலைகள் பறிக்கப்பட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவப்பட்டு, நிழலில் உலர்த்தப்பட்டு, மிக்ஸியில் அரைக்கப்பட்டன. மின்னணுத் தராசில் 10 கிராம் எடைபோட்டு, 250 மி.லி. கூம்புக் குடுவையில் இட்டு, 100 மி.லி. மெத்தனால் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, 24 மணி நேரம் ஷேக்கரில் வைக்கப்பட்டது."

ஒவ்வொரு துண்டிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை வேறு மாதிரிச் செய்தால் முடிவு மாறுமா? தராசு, குடுவை, பஞ்சு எதுவும் முடிவை மாற்றாது, போகட்டும். நிழலில் உலர்த்தியது நிற்க வேண்டும். வெயிலிலோ ஓவனிலோ காயவைத்தால் ஃபீனால் சேர்மங்களின் அளவு மாறிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு நீளமாக எழுதியும் மெத்தனால் எத்தனை சதவீதம், வெப்பநிலை என்ன, இலை இளசா முற்றியதா என்பது பத்தியில் இல்லை. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர்தான், ஆனால் வெளியூர் ஆய்வாளருக்குத் தாவரவியல் பெயரும் ஹெர்பேரியம் எண்ணும் வேண்டும். நீங்கள் தனியாகச் சொன்ன விவரங்களையும் சேர்த்தால் இப்படி வரும்:

"*ஜாஸ்மினம் சம்பக்* முதிர்ந்த இலைகளை (ஹெர்பேரியம் எண்) நிழலில் 7 நாள் உலர்த்திப் பொடித்து, 80% மெத்தனாலில் (10 கி / 100 மி.லி.) 28°C-இல், 24 மணி நேரம் குலுக்கினோம்."

சொல் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, தகவல் கூடியிருக்கிறது. ஷேக்கர் வேகத்தையும் உங்கள் நோட்டைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், "மூன்று முறை செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே சாற்றை மூன்று தடவை அளந்தீர்களா, தனித்தனியாக மூன்று சாறு எடுத்தீர்களா? இரண்டும் ஒன்றல்ல. ரிவ்யூவர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? டிபிபிஹெச் சோதனைக்கு "பிராண்ட்-வில்லியம்ஸ் முறைப்படி" என்று ஒரு வரி போட்டால் முடிந்ததே அக்கா? (முதுகலை மாணவர், மதுரை)

பாதி சரி, தம்பி. மேற்கோள் காட்டினால் சொல் மிச்சமாகும், நீங்கள் அந்த முறையை அப்படியே செய்திருந்தால். 1995-இல் வந்த அந்தக் கட்டுரையில் 515 நானோமீட்டரில் அளந்தார்கள், வினை மேலும் மாறாத நிலைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். நம் லேப்களில் பெரும்பாலும் இருட்டில் 30 நிமிடம் வைத்து 517-இல் படிக்கிறோம். மெதுவாக வினைபுரியும் சாறாக இருந்தால் 30 நிமிடத்தில் நிறுத்தும்போது அதன் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் குறைவாகத் தெரியும். ஆகவே மேற்கோளுடன் "30 நிமிடம், இருட்டில், 517 நா.மீ." என்று மாற்றத்தையும் எழுதுங்கள். நான்கைந்து சொல்தான் செலவு.

மேற்கோள் காட்டும் கட்டுரையைத் திறந்தும் பாருங்கள். அதுவும் "முன்பு விவரித்தபடி" என்று வேறொன்றைக் காட்டினால், மூலம் வரை போய் அதையே காட்டுங்கள்.

சென்ட்ரிஃபியூஜ் மாடல் பெயரைப் போட்டு "10,000 ஆர்பிஎம், 10 நிமிடம்" என்று எழுதினால் போதுமா, மேடம்? (லேப் டெக்னீஷியன், மேலூர்)

போதாது. ஒரே மாடலில் வேறு ரோட்டர் மாட்டினாலும் மையவிலக்கு விசை, அதாவது RCF, மாறும். ரோட்டரின் ஆரம் r-ஐ சென்டிமீட்டரில் வைத்து இப்படிக் கணக்கிடுங்கள்:

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × rpm²
```

ஆரம் 8.4 செ.மீ. என்றால் 10,000 ஆர்பிஎம்-இல் சுமார் 9,390 × g வரும். 6 செ.மீ. என்றால் 6,700-தான். g மதிப்பை எழுதிவிட்டால் மாடல் பெயரே வேண்டாம்.

கெமிக்கல் கம்பெனி பெயரை எல்லாவற்றுக்கும் போட வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆன்டிபாடி, என்சைம், கிட் ஆகியவற்றுக்குக் கேட்டலாக் எண்ணோடு கட்டாயம் போடுவேன். உப்புக்கும் மெத்தனாலுக்கும் தரம் மட்டும் போதும் என்பது என் கருத்து. சில ரிவ்யூவர்கள் ஏற்பதில்லை.

எங்களுடையது லேப் வேலை இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் பூ விவசாயிகளிடம் சர்வே எடுத்தோம். கிராமங்களின் வரலாறு, பாசன நிலவரம் எல்லாம் மெத்தட்ஸில் இருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை. (கல்லூரி ஆசிரியர்)

வரலாற்றை முன்னுரைக்குக் கொண்டுபோங்கள் ஐயா, அதுவும் இரண்டு வரி. மெத்தட்ஸில் நிற்க வேண்டியது ஊர்களையும் ஆட்களையும் எப்படித் தேர்ந்தீர்கள், எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், யார் கேட்டார்கள், எந்த மாதம் என்பதுதான். பூ விலை முகூர்த்த மாதத்துக்கும் மார்கழிக்கும் ஏறி இறங்குவதால் மாதத்தை விட்டால் வருமானக் கேள்விக்கே பொருள் இருக்காது.

கேள்வித்தாள் முழுவதும் துணைக்கோப்பில் போகட்டும். துணைக்கோப்பையும் சொல் வரம்பில் சேர்ப்பார்களா என்பது ஜர்னலுக்கு ஜர்னல் வேறுபடும். அனுப்பும் முன் ஆசிரியர் குழுவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.