கொலிஸ்டினும் நான்காம் படுக்கையை ஒட்டிய வாஷ்பேசினும்

கேள்வி: அப்பா ஐசியூவில் இருக்கிறார். இரத்தத்தில் மெரோபெனத்துக்குக் கட்டுப்படாத கிருமி என்று கொலிஸ்டின் போடுகிறார்கள். இதுதான் கடைசி மருந்தா? பலிக்காத மெரோபெனத்தையும் ஏன் சேர்த்துப் போடுகிறார்கள்?

கல்ச்சர் அறிக்கையில் இருப்பது அசினெட்டோபாக்டரா, கிளெப்சியெல்லாவா என்று முதலில் பாருங்கள். நீங்கள் கேட்ட இரண்டுக்குமே விடை அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நான் தொற்றுத் தடுப்புச் செவிலியர். மருந்தை முடிவு செய்பவர் மருத்துவர்தான் என்பதை அறிவேன். அவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த மருந்தை ஏற்றிவிட்டுச் பையில் சேரும் சிறுநீரின் அளவை மணிக்கொரு தடவை குறித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, குடலில் ஓட்டை விழுந்து அறுவை செய்துகொண்ட 58 வயதுக்காரர் ஒருவர் வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்களிடம் வந்தார். இரத்தத்தில் கிளெப்சியெல்லா. அங்கேயே கொலிஸ்டின் தொடங்கியிருந்தார்கள். ஆனால் முதல் வேளையிலிருந்தே 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 லட்சம் யூனிட் என்று சிறிய அளவாகவே கொடுத்திருந்தார்கள். கொலிஸ்டின் செயல்படாத வடிவில்தான் நரம்பில் ஏறுகிறது. உடலுக்குள் போன பிறகே மெல்ல மெல்லச் செயல்படும் மருந்தாக மாறுகிறது. அதனால்தான் முதல் வேளை மட்டும் 90 லட்சம் யூனிட்டாகவும், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அதன்பின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 45 லட்சமாகவும் கொடுக்கிறார்கள். அந்த முதல் பெரிய அளவு தவறினால், இரத்தத்தில் போதுமான மருந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸில் இருப்பவருக்கு அந்த நாட்கள்தான் முக்கியம். எங்களிடம் வந்தபோது அவருக்குக் காய்ச்சல் குறையவில்லை, ஆனால் சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 0.9-இலிருந்து 2.6-க்கு ஏறியிருந்தது. பலன் தெரிவதற்கு முன்பே சிறுநீரகம் அடிவாங்கிவிட்டது.

அவருக்கும் கூடவே மெரோபெனம் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி ஆகிய நாடுகளில் 406 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்கும், மெரோபெனமும் சேர்த்துப் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை பலனளிக்கவில்லை. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கக்கூடியது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது அசினெட்டோபாக்டர் என்பதால், கிளெப்சியெல்லாவுக்கும் இதுவே முடிவு என்று சொல்ல மாட்டேன். அசினெட்டோபாக்டராக இருந்தால் மட்டும், மெரோபெனம் எதற்கு என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

கிளெப்சியெல்லாவாக இருந்தால் அது எந்த நொதியை வைத்து மருந்தைச் சிதைக்கிறது என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. எங்கள் நோயாளியின் கிருமியில் நம் நாட்டில் அதிகம் காணப்படும் என்.டி.எம்., ஆக்சா-48 என்ற இரண்டுமே இருந்தன. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து ஆக்சா-48-ஐ வெல்லும், என்.டி.எம்.மிடம் தோற்கும். அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு மருந்தை என்.டி.எம். சிதைக்காது, ஆனால் அதே கிருமியிடம் உள்ள வேறு நொதிகள் சிதைத்துவிடும், அந்த நொதிகளைக் கட்டிப்போடுவது அவிபாக்டம். ஒன்றுக்கொன்று காவல் என்பதால் இந்த இரண்டு மருந்துகளையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று ஏற்றினால் பயன் குறைந்துவிடும். கொலிஸ்டினை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கிய நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல் விட்டது. கிரியாட்டினின் இறங்க மூன்று வாரம் பிடித்தது.

அதற்குள் அடுத்தடுத்த இரண்டு படுக்கைகளில் அதே கிருமி. பார்க்க வரும் உறவினர்கள்தான் கொண்டுவருகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது. இரவில் மூன்று படுக்கைகளுக்கு ஒரு செவிலியர். ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வென்டிலேட்டர் அலறினால், கைகழுவிக் கையுறை மாற்ற எத்தனை விநாடி கிடைக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காம் படுக்கையை ஒட்டிய வாஷ்பேசினின் வடிகாலில் ஸ்வாப் எடுத்தோம்; அதே கிளெப்சியெல்லா வளர்ந்தது. குழாய்த் தண்ணீர் நேராக வடிகால் துளையின் மேல் விழுந்து, மருந்து கலக்கும் தட்டு வரை தெறித்துக்கொண்டிருந்தது. மீந்த டியூப் உணவையும் பாட்டிலில் மிஞ்சிய மருந்தையும் நாங்களே அதில் கொட்டியிருக்கிறோம். கிருமிக்குத் தீனி போட்டு, மருந்தையும் பழக்கியிருக்கிறோம். அதை மூடினோம். மூன்று பேரையும் ஒரு பக்கமாக மாற்றி, அவர்களுக்கென்று தனிச் செவிலியரையும் தனி ஸ்டெதாஸ்கோப்பையும் கேட்டுப் பெற்றோம். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே மலக்குடல் ஸ்வாப், பிறகு வாரம் ஒருமுறை. ஸ்வாப்பில் கிருமி வந்தாலும் நோய்க்குறி இல்லாதவருக்கு மருந்து தரவில்லை, தனிமைப்படுத்தல் மட்டுமே. அடுத்த ஒன்பது வாரங்களில் புதிதாக யாருக்கும் வரவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே அப்பாவுக்கு இருப்பது கிளெப்சியெல்லா என்றால், நொதிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். கொலிஸ்டின் தொடரும் ஒவ்வொரு நாளும் கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.