இருநூறு மில்லிலீற்றர் என்று போட்டால் இருநூறு இருக்க வேண்டும்

கேள்வி: கொக்குவிலில் வீட்டில் மூலிகைத் தலைமுடி எண்ணெய் காய்ச்சி இணையத்தில் விற்கிறேன். "கரிசலாங்கண்ணி, நெல்லி, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய். 200 g / 200 ml. ஒரு வருடம் பாவிக்கலாம்" என்று போட்டிருந்தேன். கொழும்பில் வாங்கிய ஒருவர் அளவு குறைவு என்று முறையிட்டார். பொங்கப் பொங்க நிரப்பித்தானே அனுப்பினேன்? எப்படி எழுதுவது சரி?

பதில்: நீங்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் வாங்கியவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கும். எண்ணெயைச் சூட்டோடு போத்தலில் ஊற்றினீர்களா? எண்ணெய் சூட்டில் விரியும். 70 பாகையில் இருநூறு கோட்டுக்கு நிரப்பினால், 30 பாகைக்கு ஆறும்போது ஐந்தாறு மில்லிலீற்றர் இறங்கிவிடும். போத்தலின் கழுத்தில் அந்த வெற்றிடம் நன்றாகவே தெரியும்.

அதற்கு மேல் உங்கள் பட்டியலே தன்னோடு முரண்படுகிறது. 200 g எண்ணெயும் 200 ml எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய் தண்ணீரை விட இலேசானது; ஒரு மில்லிலீற்றர் ஏறக்குறைய 0.92 கிராம். ஆகவே 200 ml என்றால் 184 கிராம்தான். வாங்குபவர் தராசில் வைத்துப் பார்த்தால் பதினாறு கிராமைத் தேடுவார். ஒரே அலகில் எழுதுங்கள், எண்ணெய்க்கு மில்லிலீற்றர் பொருத்தம். நிரப்பும்போது மட்டும் தராசைப் பாவியுங்கள்: வெறும் போத்தலை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கி, 185 கிராம் வரும்வரை ஊற்றுங்கள். சூடாக இருந்தாலும் எடை மாறாது. பட்டியலில் "நிகர அளவு 200 ml" என்று போடுங்கள். போத்தல் எவ்வளவு கொள்ளும் என்பதல்ல, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதே நிகர அளவு.

இனி உள்ளடக்கப் பட்டியல். பெரும்பாலானவர்கள் இடறும் இடம் இது. கூடிய எடையுள்ளது முதலில் வர வேண்டும் என்பது பல நாடுகளில் அழகுசாதனப் பொருட்களுக்குப் பொதுவான முறை. ஒரு காய்ச்சலுக்கு 6 கிலோ தேங்காய் எண்ணெய், 1 கிலோ நல்லெண்ணெய், 1.5 கிலோ பச்சைக் கரிசலாங்கண்ணி, அரைக் கிலோ நெல்லி போடுகிறீர்கள் என்று வைப்போம். கரிசலாங்கண்ணி நல்லெண்ணெயை விடக் கூட என்று அதை முன்னால் எழுதக் கூடாது. இலையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர், அது ஆவியாகிவிட்டது. மிச்சத்தை வடித்து எறிந்துவிட்டீர்கள். போத்தலுக்குள் போனது எண்ணெயில் இறங்கிய சாறு மட்டுமே. இங்கே பட்டியல் சொல்ல வேண்டியது போத்தலில் இருப்பதை, சட்டியில் போட்டதை அல்ல. ஆகவே இப்படி எழுதலாம்: "தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், இவற்றில் காய்ச்சி வடித்தவை: கரிசலாங்கண்ணி இலை, நெல்லிக்காய்." "கரிசலாங்கண்ணி 20%" போன்ற கணக்கை எடுத்துவிடுங்கள், அதை நீங்கள் நிரூபிக்க முடியாது. நல்லெண்ணெயைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். எள் ஒவ்வாமை உள்ளவருக்கு "மூலிகை எண்ணெய்க் கலவை" என்பது எதையும் சொல்லாது. வெளிநாட்டிலும் வாங்குபவர்கள் இருந்தால் சர்வதேசப் பெயர்களையும் கீழே சேருங்கள்:

```
Cocos Nucifera Oil, Sesamum Indicum Seed Oil,
Eclipta Prostrata Extract, Phyllanthus Emblica Fruit Extract
```

வாசனைக்கு ஏதாவது விட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

தொகுதி இலக்கம் பெரிய விசயமல்ல. ஒரு சட்டி ஒரு தொகுதி. மார்ச் 2025 இல் காய்ச்சிய இரண்டாவது சட்டிக்கு `KO-0325-02` என்று ஓர் அடையாளம் வைத்துப் போத்தலிலும் கொப்பியிலும் எழுதினால் போதும். எந்த எண்ணெய், எங்கே வாங்கியது, அதன் காலாவதி எப்போது என்பதும் அந்தக் கொப்பியில் இருக்கட்டும். முறைப்பாடு வந்தால் பிழை எந்தச் சட்டியில் என்று பார்க்கலாம்.

"ஒரு வருடம் பாவிக்கலாம்" என்பது எங்கிருந்து ஒரு வருடம்? காய்ச்சிய நாளிலிருந்தா, வாங்கிய நாளிலிருந்தா, திறந்த நாளிலிருந்தா? உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இரண்டையும் போத்தலில் நாள், மாதம், வருடத்தோடு எழுதுங்கள். வாங்கிய நல்லெண்ணெயின் காலாவதிக்கு ஐந்து மாதமே மிச்சமென்றால் உங்கள் எண்ணெய்க்கும் ஐந்து மாதத்துக்கு மேல் போடாதீர்கள். காய்ச்சியதால் பழைய எண்ணெய் புதிதாகிவிடாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தலை எடுத்து வைத்து மாதமொருமுறை மணந்து பாருங்கள். காறல் மணம் குறித்த திகதிக்கு முன்னமே வந்தால் உங்கள் திகதி பிழை. பெரும்பாலும் சடசடப்பு அடங்குமுன் இறக்கியதால் இலையின் ஈரம் தங்கியிருக்கும்.

இணையத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜனவரியில் எடுத்த போத்தல் படம் ஓகஸ்டிலும் அப்படியே கிடக்கும். வாங்குபவர் படத்தில் உள்ள திகதியை நம்புவார். படத்தில் திகதிப் பக்கத்தைக் காட்டாமல், "தற்போது அனுப்பப்படும் தொகுதி, காலாவதி" என்று எழுத்தில் போட்டு, சட்டி மாறும்போது அதை மாற்றுங்கள். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விற்பனையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. முறையிட 1977 ஐ அழைத்தால் போதும் என்பது வாங்குபவர்களுக்கும் தெரியும். கொழும்பு வாடிக்கையாளருக்குக் குறைந்த எண்ணெய்க்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறு போத்தல் அனுப்புங்கள்.