கடற்படை அழைப்புக் கடிதமும் மாமாவின் நாலரை லட்சமும்

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். கையில் பிரிண்ட் எடுத்த இரண்டு தாள். இந்தியக் கடற்படையின் 10+2 பி.டெக் கேடட் நுழைவுக்கு மகனைத் தேர்ந்தெடுத்து, பெங்களூரில், படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலுக்கு வரச் சொல்லும் கடிதம். தேதி, வந்து சேர வேண்டிய இடம், நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், ஐந்து நாள் நடக்கும் சுற்றுகள் எல்லாம் அதில் இருந்தன. அம்மா பேனாவால் அடிக்கோடிட்டிருந்தது ஒரே வரியைத்தான்: முதல் கட்டத்தில் தேறாதவர்கள் அன்றைக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

"ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்களாமே சார், ஊரில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். பின்னணி இது. தம்பி கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்துச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சென்னையில் கம்பெனியில் இருக்கும் மாமா அதை ஏற்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு நாலரை லட்சம், விடுதி தனி. முன்பணம் கட்டக் கெடு வைத்ததும் நேர்காணல் வாரத்திலேயே.

முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம், ஆறுதல் சொல்லி அனுப்பினால் அந்த அம்மா நேராகப் போய் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பார் என்று புரிந்தது. அதனால் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அம்மா, அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். நாலு வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம், விடுதியோடு இருபதைத் தாண்டும். உங்கள் வீட்டில் ஓடுவது ஒரே ஒரு மினி லாரி. பையனுக்கு கோடிங்கில் விருப்பம் உண்டா என்று நான் கேட்டபோது அவன் உங்கள் முகத்தைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை. லாரியின் டிஃபரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதும் என் மேஜையில் இருந்த இரண்டு மூடிகளை வைத்துப் பத்து நிமிஷம் விளக்கினான். அவன் கையில் ஏற்கெனவே குறைந்த செலவில் ஒரு நல்ல சீட் இருக்கிறது. நேர்காணலில் தேறாவிட்டால் அங்கேயே திரும்பி வந்து படிப்பான். இழப்பது ஐந்தாறு நாள் வகுப்பு மட்டும். மாமாவிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள்.

அந்தக் கடிதம் எதற்கு வாசல் என்பதை வீட்டில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 70 சதவீதம், பத்திலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம், அதோடு ஜே.ஈ.ஈ. மெயின் தேர்வின் அகில இந்திய ரேங்க், இவற்றை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிடுகிறார்கள். ஐ.ஐ.டி. கிடைக்காததால் அந்த ரேங்க் வீண் என்று நினைத்திருந்தீர்கள். அந்த ரேங்க்தான் இந்தக் கடிதத்தை வரவழைத்தது. கடைசிவரை தேறினால் கேரளத்தில் எழிமலை என்ற ஊரில் உள்ள கடற்படை அகாடமியில் நாலு வருஷம் பி.டெக். பட்டம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினுடையது. படிப்பு, புத்தகம், தங்குமிடம், சாப்பாடு எதற்கும் வீட்டிலிருந்து பணம் போகாது. முடித்ததும் சப் லெப்டினன்ட் என்ற அதிகாரிப் பதவி. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் இடம் குறைவு. ஓர் அறிவிப்புக்கு நாற்பதையொட்டித்தான் இருக்கும். எலெக்ட்ரானிக்ஸா மெக்கானிக்கலா என்பதைக் கடற்படையின் தேவைதான் முடிவு செய்யும், நம் விருப்பம் அல்ல.

கடிதம் நிஜமா என்ற சந்தேகம் நியாயமானது. விண்ணப்பித்த joinindiannavy.gov.in தளத்தில் தம்பியின் கணக்கைத் திறந்து பாருங்கள், அதே அழைப்பு அங்கே இருக்க வேண்டும். நேர்காணலுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டு யார் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள்.

கடிதத்தில் ஆபத்தான பகுதி சுற்றுகள் அல்ல, சான்றிதழ் பட்டியல். அசல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், ஜே.ஈ.ஈ. மதிப்பெண் அட்டை, விண்ணப்பப் படிவம், புகைப்படங்கள். இதில் அந்த அசல் இரண்டும் இப்போது எங்கே? கல்லூரி அலுவலக பீரோவில். சில வருஷம் முன்னால் என்னிடம் வந்த ஒரு மாணவன் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கேட்கப் போனான். முதல்வர் லீவில் இருக்கிறார், திங்கள்கிழமை வா என்றார்கள். திங்கள்கிழமை அவன் நேர்காணல் வாசலில் நின்றிருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சட்டம் பேசாமல், அழைப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, எத்தனை நாளில் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கேளுங்கள். கையோடு ஒரு போனஃபைடும் வாங்குங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரிய தொல்லை: இனிஷியல். தம்பியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின் ஓர் எழுத்துதான் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. அங்கே சான்றிதழைச் சரிபார்ப்பவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே போட்டிருக்கிறானா என்று பாருங்கள். எழுத்து இன்னாரைக் குறிக்கிறது என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வாங்கிக்கொள்ளட்டும்.

பாஸ்புக்கின் முதல் பக்க நகலையும் ரயில் டிக்கெட்டையும் பத்திரமாக வைக்கட்டும். இந்த வகை நுழைவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஏ.சி. மூன்றடுக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இப்போது நீங்கள் அடிக்கோடிட்ட வரிக்கு வருகிறேன். முதல் நாள் இரண்டு வேலை. ஒன்று, சொற்களும் உருவங்களும் வைத்த அறிவுத்திறன் தேர்வு. மற்றது, மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டி, நாலு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழுவாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தன் கதையை ஒரு நிமிஷம் சொல்ல, கடைசியில் எல்லாரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். நன்றாகப் படிக்கிற பையன்களே இங்கே நிறையப் பேர் வீட்டுக்குப் போவார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. மறுபடி விண்ணப்பித்து வருகிறவர்கள் ஏராளம்.

தம்பிக்கு என் அறையிலேயே ஒரு ஒத்திகை வைத்தேன். ஒரு படத்தைத் தெளிவில்லாமல் நகல் எடுத்துக் காட்டினேன். ஒருவர் நிற்கிறார், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வண்டி மாதிரி ஏதோ. நாலு நிமிஷத்தில் அவன் எழுதிய கதையில் ராகுல் என்ற இளம் கலெக்டர் ஒரு கிராமத்துக்கு வந்து மருத்துவ முகாம் நடத்தி விருது வாங்கினார். எங்கே பார்த்தாய் என்றேன். யூடியூபில் என்றான். அதே வீடியோவைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவில் இன்னும் நாலு ராகுல்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

உனக்குத் தெரிந்ததை எழுது என்றேன். இரண்டாவது முறை எழுதியது இது: உப்பு மூட்டை ஏற்றிய வண்டி வழியில் அச்சு முறிந்து நிற்கிறது, மேகம் கறுக்கிறது. டிரைவரின் மகன் முதலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறான். பிறகு தெரிந்த வண்டிக்காரருக்குப் போன் செய்து, வாடகை பேசி, மூட்டைகளை மாற்றி ஏற்றுகிறான். சரக்கு வாங்குகிறவரிடம் இரண்டு மணி நேரம் தாமதமாகும் என்று முன்பே சொல்லிவிடுகிறான். ஆங்கிலம் சாதாரணம்தான், ஒன்றிரண்டு பிழையும் இருந்தது. ஆனால் எதை முதலில் செய்வது, யாரைக் கூப்பிடுவது, யாருக்குத் தகவல் சொல்வது என்று மூன்றும் அதில் இருந்தன. அந்த மேஜைக்கு எதிரே இருப்பவர்கள் தேடுவது இதைத்தான். குழுவில் எல்லாரும் கத்தும்போது இரண்டு முறை தெளிவாகப் பேசினால் போதும் என்றும் சொன்னேன்.

முதல் நாள் தாண்டியவர்களுக்கு அடுத்த நாட்களில் உளவியல் தேர்வு, மைதானப் பணிகள், தனி நேர்காணல், கடைசி நாள் தேர்வாளர்கள் எல்லாரும் சேர்ந்து உட்காரும் கூட்டமர்வு. உளவியலில் 60 சொற்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி. யோசித்து நல்லவனாக நடிக்க நேரமே இருக்காது. தன்னைப் பற்றி எழுதும் பகுதியில், பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். கிளம்பும் முன் அதை அவனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், குறைகளோடு. மைதானத்தில் பலகையும் கயிறும் கட்டையும் கொடுத்து, தரையைத் தொடாமல் குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்வார்கள். லாரியில் பாரம் ஏற்றிக் கட்டத் தெரிந்த பையனுக்கு அது புதுசில்லை. தனி நேர்காணல் முழுவதும் அங்கே அவனே நிரப்பும் ஒரு படிவத்தை வைத்து நடக்கும். குடும்ப வருமானத்தைக் கூட்டி எழுதுவது, ஆடாத கிரிக்கெட்டை ஆடியதாக எழுதுவது, இவையெல்லாம் மூன்றாவது கேள்வியில் உடைந்துவிடும். அப்பா லாரி ஓட்டுகிறார் என்றே எழுதட்டும்.

பரிந்துரை கிடைத்தாலும் அதன்பின் மருத்துவப் பரிசோதனையும், எஸ்.எஸ்.பி. மதிப்பெண் வைத்த தகுதிப் பட்டியலும் இருக்கின்றன. அதனால் பட்டியல் வரும்வரை மெக்கானிக்கல் சீட்டை விடாதீர்கள். முப்பதாயிரம் கட்டினால் பத்து நாளில் தயார் செய்கிறோம் என்று பெங்களூரில் சொல்லும் கோச்சிங்குக்கும் போகாதீர்கள். அங்கேதான் ராகுல்கள் தயாராகிறார்கள்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, தம்பியின் பக்கம். நீங்கள் வெளியே போனபோது அவனிடம் தனியாகக் கேட்டேன்: கடிதம் வந்ததால் போகிறாயா, கடலில் வேலை செய்யப் பிடித்துப் போகிறாயா? அகாடமியில் சேர்ந்தபின் வேண்டாமென்று தானே விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். நேற்று ராத்திரி போன் செய்து, "போறேன் சார், மாமாகிட்ட நானே பேசிட்டேன்" என்றான். மாமா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கல்லூரியில் அசல் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தாயா என்றுதான் கேட்டேன். இன்னும் இல்லையாம்.