கயிற்றில் கட்டி வளர்க்கும் கடற்பாசி: கேள்வி பதில்

செல்வம்: பாசியும் செடிதானே? அப்படியானால் கயிறு கட்டுவதற்கு முன் கடலடி மண் வளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? உரம் எப்போது போடுவது?

ஆழமற்ற கடலில் கழிகளை நட்டு, இடையில் கயிற்றை இழுத்துக் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியை வைத்தே இங்கு விடை சொல்கிறேன். கடலடியைப் பார்க்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் பார்க்க வேண்டிய காரணம் வேறு. மணற்பாங்கான தரையில் கழி உறுதியாக நிற்கும், சேறு நிறைந்த தரையோ நீரைக் கலங்கடித்துப் பாசியின் மேல் படியும். தரையிலுள்ள சத்து பாசிக்குப் பயன்படுவதில்லை, ஏனெனில் அதற்கு உறிஞ்சும் வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ளும் பாசிகளின் அடிப்பகுதி பார்வைக்கு வேர்போல இருந்தாலும் அது வெறும் பிடிமானம்தான்.

நைட்ரஜன், பாஸ்பரஸ், கரைந்த கரிமம் ஆகிய எல்லாவற்றையும் பாசி தன் உடலின் மேற்பரப்பு முழுவதாலும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பாசியை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம். அதிலுள்ள சத்தைப் பாசி தீர்த்துவிட்டால், வெளியிலிருந்து புதிய சத்து அந்தப் படலத்தைக் கடந்துதான் வர வேண்டும். நீரோட்டம் இருந்தால் படலம் மெலிந்து சத்து விரைவாக வந்து சேரும். நீர் தேங்கினால் படலம் தடிக்கும், சுற்றிலும் சத்து இருந்தாலும் பாசி பட்டினி கிடக்கும். திறந்த கடலில் தூவிய உரம் கரைந்து போய்விடும் என்பதால், நீரோட்டமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கு உரமிடுவதற்கு ஈடான வேலை.

மரியா: ஒரே நாளில், ஒரே விதைப்பாசியை 100 கிராம் துண்டுகளாகக் கட்டினேன். 45 நாளில் வெளிப்பக்க வரிசையில் ஒவ்வொரு துண்டும் 580 கிராம் ஆயிற்று, கரைப்பக்க வரிசையில் 240தான். விதைப்பாசி கெட்டதா?

இரண்டு வரிசைக்கும் விதைப்பாசி ஒன்றே என்பதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரைத்தான். உங்கள் கணக்கை நாளொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் வெளி வரிசை ஏறத்தாழ 4 விழுக்காடும், கரை வரிசை 2 விழுக்காடும் வளர்ந்திருக்கின்றன. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் வளர்ந்த பகுதியும் சேர்ந்து வளர்வதால், 45 நாளில் அது இரண்டு மடங்குக்கும் மேலான இடைவெளியாகிவிடுகிறது.

கரை வரிசையில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கிளையை விரலால் தேய்த்தால் வண்டல் கலங்கி வருகிறதா? கயிற்றில் கட்டிய நூல் நாடா நீரோட்டத்தில் நீண்டு நிற்கிறதா, அல்லது தொங்கிக் கிடக்கிறதா? நீர் மிகவும் வற்றும் நாளிலும் பாசி முழுகியே இருக்கிறதா? நண்பகலில் நீர் கைக்குச் சூடாகப் படுகிறதா? பிறகு, அங்கிருந்து 100 கிராம் எடையுள்ள பத்துத் துண்டுகளை வெட்டி வெளி வரிசையில் கட்டி, இரண்டு வாரம் கழித்து நிறுத்துப் பாருங்கள். 170 கிராமை ஒட்டி வந்தால் விதைப்பாசியில் குறை இல்லை, இடம்தான் குறை. அங்கும் 130 கிராம்தான் வந்தால் பாசியே தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கணேசன்: கிளையின் நடுவில் வெள்ளையாகி, மென்மையாகி, உடைந்து விழுகிறது. பூஞ்சையாக இருக்கும் என்று மருந்து தெளிக்கச் சொல்கிறார்கள்.

நீங்கள் விவரிப்பது ‘ஐஸ்-ஐஸ்’ எனப்படும் நோயின் அடையாளம். வெப்பம், மழையால் உப்பு குறைதல், வெளிச்சக் குறைவு போன்ற நெருக்கடியில் பாசி முதலில் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் பாக்டீரியா பெருகித் திசுவைச் சிதைக்கிறது. பூஞ்சைக்கும் சில இடங்களில் பங்கு இருக்கலாம் என்ற கருத்து உண்டு என்றாலும், ஓடும் நீரில் மருந்து நிற்காது. ஓரா மீன் கடித்ததையும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. மீன் மேய்ந்தால் நுனிகள் மொட்டையாக அறுபட்டிருக்கும், மீதிக் கிளை நிறம் மாறாமல் கெட்டியாக இருக்கும்.

வெளுத்த இடத்துக்கு இருபுறமும் நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைச் சற்று ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பரவல் வேகமாக இருந்தால் காத்திராமல் அறுவடை செய்துவிடுவதே நல்லது. நடுவில் இப்படி வெட்டிய பிறகும் பாசி பிழைப்பதற்குக் காரணம் உண்டு. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் இலை செய்த உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் காலப்போக்கில் பட்டுப்போகும். இந்தப் பாசியிலோ ஒவ்வொரு பகுதியும் ஒளியையும் சத்தையும் தானே பெறுகிறது. ஆகவே இரண்டு துண்டானால் இரண்டும் வளரும்.

புஷ்பா: எங்கள் தண்ணீர்த் தொட்டியில் பச்சைப் பாசி தானாகவே படிகிறது. அதையே கயிற்றில் கட்டி வளர்த்தால் என்ன?

தொட்டியில் படிவது பெரும்பாலும் நுண்ணுயிர்ப் பாசிகளும் மெல்லிய இழைகளும்தான், அவற்றை முடிச்சுப் போட முடியாது. நன்னீரில் வாழ்பவை கடலுப்பையும் தாங்கமாட்டா.

இராமநாதன், உயிரியல் ஆசிரியர்: பாசிக்குள் கடத்தும் திசுவே இல்லை என்பது போலப் படிக்கிறேன். கெல்ப் பாசிகளில் சர்க்கரையைக் கடத்தும் குழல் போன்ற செல்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நான் சொன்னது கப்பாபைகஸுக்குப் பொருந்தும். பல மீட்டர் நீளும் கெல்ப்பில் மேலே ஒளி கிடைக்கும், அடிப்பகுதி இருளில் கிடக்கும். அதனால் மேலே செய்த உணவைக் கீழே அனுப்பும் செல்கள் அதற்குத் தேவைப்படுகின்றன. ஆனால் மரத்தைப் போல நீரை மேலே ஏற்றும் கட்டைத் திசு அதற்கும் இல்லை; சுற்றிலும் நீர் இருக்கையில் அதற்கு வேலையும் இல்லை. நிலத் தாவரங்கள் பச்சைப் பாசி வழியில் வந்தவை. சிவப்புப் பாசி அவற்றுக்குத் தூரத்து உறவு, கெல்ப் முதலான பழுப்புப் பாசிகள் அதைவிட வெகு தூரம். ஆகவே ‘பாசி’ என்பது ஒரே குடும்பத்தின் பெயரன்று, பொதுவான வாழ்க்கை முறையின் பெயர் என்றே நான் கொள்வேன்.

ஜெயந்தி: ஆண்டுதோறும் என் அறுவடையிலிருந்தே விதைப்பாசி எடுக்கிறேன். வளர்ச்சி குறைந்துகொண்டே போகிறது. விதையிலிருந்து வளர்க்க வழியில்லையா?

பாசிக்கு விதை கிடையாது, வித்துத்தூள்தான் உண்டு. ஜப்பானில் உணவுக்காக வளர்க்கும் நோரி பாசியின் வாழ்க்கையில் ஒரு கட்டம் சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழ்கிறது என்பதை 1949-இல் பாசி ஆய்வாளர் காத்லீன் ட்ரூ-பேக்கர் கண்டு வெளியிட்ட பிறகுதான், வித்துத்தூளைக் கட்டுப்படுத்தி வலையில் ஏற்றும் முறை உருவாயிற்று. கப்பாபைகஸில் துண்டு போட்டாலே வளர்ந்துவிடுவதால் வித்துத்தூள் முறை பெரிதாகப் பரவவில்லை. எனவே கயிற்றிலுள்ளவை ஒரே பாசியின் நகல்களாகவே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன.

நகல் தளர்ந்ததா, கடல் நீர் சூடானதா, நல்ல கிளைகளை விற்று மோசமானவற்றை விதைக்கு வைத்ததா என்பதில் வளர்ப்போரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. என் ஐயம் மூன்றாவதன் மேல்தான். அடுத்த முறை, அறுவடைக்கு முன்பே நன்கு வளர்ந்த கயிற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன் இளங்கிளை நுனிகளை மட்டும் விதைக்கு எடுங்கள். வெளுத்த புள்ளியோ, முடிபோல ஒட்டிய பிற பாசியோ இருக்கும் துண்டைச் சேர்க்காதீர்கள். வெட்டியவற்றை நிழலில் கடல்நீரால் நனைத்து வைத்து, அன்றைக்கே 20 சென்டிமீட்டர் இடைவெளியில் தளர்வாகக் கட்டுங்கள். இறுகிய முடிச்சு கிளையை நசுக்கினால், அந்த இடத்திலேயே பாசி அறுந்து போகும்.