ராஜினாமாவுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

*டாக்டருக்கு வணக்கம். எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் வேலை. எட்டு மாதமாக ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. ஒரு லோன் ஃபைலை மூன்று தடவை பார்த்தும் திருப்தி வருவதில்லை. பொங்கல் லீவில் ஊருக்குப் போயும் இதே கதைதான். மாமனாருக்கு சுகர் ஏறிவிடுமோ, வீட்டில் சிலிண்டரை மூடினோமா, பையன் போகிற ஸ்கூல் வேன் எங்காவது இடித்துவிடுமோ என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. வேன் டிரைவருக்கு தினமும் போன் பண்ணி அவரே சலித்துக்கொள்கிறார். ஆபீஸ் தோழி, "இது பர்ன்அவுட், வேலையை விட்டுடு" என்கிறாள். என் கணவர், "டென்ஷன் இல்லாதவங்க யாரு?" என்கிறார். போனில் ஏழு கேள்வி டெஸ்ட் ஒன்று எழுதினேன், 14 மார்க், மிதமான ஆங்ஸைட்டி என்று வந்தது. எனக்கு இருப்பது இதில் எது? ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா?*

*— பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வேலை நல்ல வேலையா, கெட்ட வேலையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் தொந்தரவு அந்த வேலைக்குள் மட்டும் இருப்பதாக உங்கள் கடிதம் சொல்லவில்லை.

முதலில் தோழி சொன்னதை எடுத்துக்கொள்வோம். பர்ன்அவுட் என்பதை 1974-இல் எழுத்தில் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் இரவெல்லாம் சேவை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் அவர் எழுதினார். ஆர்வமாக வந்தவர்கள் சில மாதங்களில் காய்ந்துபோய், நோயாளிகள் மேலேயே எரிச்சல்படத் தொடங்கியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் இந்தச் சொல் இருக்கிறது, ஆனால் நோயாக இல்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி ஒருவித வெறுப்பு அல்லது ஏளனம் வருவது, செய்கிற வேலையில் திறமை போய்விட்ட உணர்வு. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. இந்தச் சொல்லை வேலையிடம் சார்ந்த விஷயத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், வாழ்க்கையின் மற்ற பக்கங்களுக்கு நீட்டக்கூடாது.

இரண்டாவது அடையாளத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பர்ன்அவுட் ஆன ஒரு கடன் அதிகாரி ஃபைலை மூன்று தடவை பார்க்க மாட்டார். ஒரு தடவை பார்ப்பதே பெரிய விஷயம். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து கெஞ்சினாலும், "உனக்கு லோன் கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன" என்று உள்ளே ஒரு மரத்துப்போன தன்மை இருக்கும். முன்பு இப்படி இல்லையே என்று அவருக்கே தெரியும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர். அக்கறை குறையவில்லை, அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. அதோடு, லீவு எடுத்து ஊருக்குப் போன பிறகும் உங்கள் மனம் வங்கியைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை. மாமனார், சிலிண்டர், வேன் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டால் ஃபைல் போய்விடும், வேன் போகாது.

லீவில் குறையவில்லை என்பதை மட்டும் வைத்து இதை முடிவுகட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடுமையாகக் களைத்தவருக்கு நாலு நாள் லீவு போதாது. நான் பார்ப்பது எத்தனை நாள் லீவு என்பதை அல்ல, அந்த நாட்களில் மனம் எங்கே போனது என்பதை.

உங்கள் கணவர் சொன்னதிலும் பாதி சரி. ஸ்ட்ரெஸ், டென்ஷன் என்று நாம் சொல்வது எந்த நோய்ப் பட்டியலிலும் தனி நோயாக இல்லை. மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது இதயம் வேகமாக அடிப்பது, பசி மந்தமாவது எல்லாம் உடம்பு ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். காரணம் கண்ணுக்குத் தெரியும், காரணம் போனால் அதுவும் இறங்கும். அவர் கவனிக்காமல் விட்டது, உங்களுக்கு இறங்கவே இல்லை என்பதை. டாக்டர்கள் கேட்பது, "டென்ஷன் இருக்கிறதா?" என்று அல்ல. எத்தனை மாதமாக, எத்தனை விஷயங்களில், அது எதையெல்லாம் செய்யவிடாமல் தடுக்கிறது என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விகளை வைத்து உங்கள் கடிதத்தைப் படித்தால் பொதுப் பதற்றக் கோளாறு என்ற பக்கம்தான் அது சாய்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 இதற்கு இப்படி வரையறை வைத்திருக்கிறது: பல விஷயங்களைப் பற்றிய மிகையான கவலை, குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான நாட்கள், அடக்க முயன்றும் அடங்காமல் இருக்க வேண்டும். அதோடு நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைப்பது, கவனம் சிதறுவது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு என்ற ஆறில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். நீங்கள் எட்டு மாதம் என்கிறீர்கள். தூக்கமும் கழுத்து இறுக்கமும் எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவது இருக்கிறதா என்பதை நேரில் கேட்க வேண்டும். இதெல்லாம் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறதா என்பதும் முக்கியம். அங்கேதான் அந்த வேன் டிரைவர் வருகிறார். போன் செய்ததும் இரண்டு நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி சந்தேகம். இப்படி உறுதி கேட்டுக் கேட்டு அடங்கும் கவலை, அடுத்த நாள் இன்னொரு போன் கேட்கும். இதைத்தான் நாங்கள் பதற்றத்தின் தீனி என்று பார்க்கிறோம். சிகிச்சையில் முதலில் கைவைப்பதும் இதில்தான்.

அந்த ஏழு கேள்வி டெஸ்ட் போலி இல்லை. ஜிஏடி-7 என்று பெயர், 2006-இல் வந்தது, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்து வந்தால் லேசானது, பத்து வந்தால் மிதமானது, பதினைந்தும் அதற்கு மேலும் வந்தால் கடுமையானது. பத்தைத் தொட்டால் டாக்டர் விசாரிக்க வேண்டும் என்பதுதான் அதன் பயன், அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அது கேட்பது கடந்த இரண்டு வாரத்தை மட்டும். ஆடிட் நடக்கும் இரண்டு வாரத்தில் எழுதினால் நோயே இல்லாதவருக்கும் 14 வரலாம். தூக்கத்தைப் பற்றி அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது. தைராய்டா, காபியா என்றும் அதற்குத் தெரியாது.

ஆகவே முதலில் பொது மருத்துவரிடம் போய் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அச்சு அசலாகப் பதற்றம் மாதிரியே வரும். உங்கள் வயதுப் பெண்களுக்கு ரத்தசோகையும் சகஜம், அதிலும் நெஞ்சு படபடக்கும். எடை குறைந்ததா, கை நடுங்குகிறதா, வியர்வை அதிகமா என்று கவனித்துச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை காபி, ஆஸ்துமா இன்ஹேலர் ஏதாவது உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் ஒரு ஈசிஜியும் எடுப்பார்.

அது சரியாக இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். அங்கே போய், "எனக்கு மன அழுத்தம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் பத்திரிகைகள் ஸ்ட்ரெஸையும் மன அழுத்தம் என்கின்றன, டிப்ரெஷனையும் மன அழுத்தம் என்கின்றன. அதனால் டாக்டர் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் அடுத்த இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு முழிப்பு, அப்போது என்ன நினைப்பு, உடம்பில் எங்கே தெரிந்தது, அதை அடக்க என்ன செய்தீர்கள். "ரெண்டு பத்துக்கு முழிப்பு, வேன், நெஞ்சு படபடப்பு, காலையில் டிரைவருக்கு ரெண்டு போன்." இவ்வளவு போதும். அந்த நோட்டு இருந்தால் அரை மணி நேர விசாரணை பத்து நிமிடத்தில் முடியும்.

அவர் இன்னொன்றும் கட்டாயம் கேட்பார். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் சோர்ந்து, பிடித்த எதிலும் ஆசை போய்விட்டதா என்று. நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் பதற்றமும் டிப்ரெஷனும் பலருக்குச் சேர்ந்தே இருக்கும். தோழி பர்ன்அவுட் என்று சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகும். அந்தச் சொல்லில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். கேட்க மரியாதையாக இருக்கிறது, உழைத்து உழைத்துக் களைத்தவர் என்ற பெருமைகூட ஒட்டிக்கொள்கிறது, அதனால் அதற்குக் கீழே இருப்பதை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

பதற்றக் கோளாறு என்று உறுதியானால் சிகிச்சைக்கு இரண்டு வழி. சிபிடி என்ற பேச்சு சிகிச்சை, பெரும்பாலும் வாரம் ஒரு முறையாகச் சில மாதம். அல்லது எசிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரை. சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுப்போம். அந்த மாத்திரை அன்றைக்கே வேலை செய்யாது, சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம். இது தெரியாமல் மூன்றாவது நாளே நிறுத்திவிட்டு, "எனக்கு ஒத்துக்கல" என்று வருபவர்கள் நிறைய. சரியான பிறகும் பல மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாக. தெரிந்தவர் கொடுத்தார் என்று அல்பிரஸோலம் மாதிரி மாத்திரையை மட்டும் போட்டுப் பழகிவிடாதீர்கள். அன்று ராத்திரி தூங்க வைக்கும், ஆனால் சில வாரத்தில் அது இல்லாமல் தூங்க முடியாமல் போகலாம்.

ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதும் அந்த வங்கி வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு, பதற்றம் எடுத்த முடிவு இல்லை. ஒருவேளை மருத்துவர் பார்த்துவிட்டு, இது வேலைக் களைப்பு மட்டும்தான் என்றால் அதற்கு மாத்திரை கிடையாது. டார்கெட், வேலை நேரம், பிரிவு மாற்றம் என்று மேலாளரிடம்தான் பேச வேண்டியிருக்கும். அப்போது தாராளமாகத் தோழியின் யோசனையையும் பரிசீலிக்கலாம்.

கடைசியாக, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எப்போதாவது தலைகாட்டினால் இந்த நோட்டு, ரத்தப் பரிசோதனை எதற்கும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.